மரண விகிதமும் வயதும்: சமுதாய மருத்துவக் கணக்குகளில் கீழெண்ணைப் பற்றிய ஓர் ஆய்வு

1. பிரச்சினை

இந்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் 2020ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையை எடுத்து, மாநிலங்களின் மரண விகிதங்களை மட்டும் படித்துவிட்டு மூடிவிடும் ஒருவர், கேரளத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 7.0 பேரும் பீகாரில் 5.4 பேரும் மாண்டனர் என்பதைக் கண்டு, உயிர் வாழ்வதற்குக் கேரளத்தைவிடப் பீகாரே உகந்த நிலம் என்ற முடிவுக்கு வருவாராயின், அவருடைய வாசிப்பிலோ அறிக்கையின் கூட்டல் கழித்தலிலோ பிழை காண இயலாது. ஆயினும் அதே அறிக்கையின் மற்றொரு பத்தியில், உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போர் கேரளத்தில் 6 என்றும் பீகாரில் 27 என்றும் இருக்கிறது. குழந்தைகளை இவ்வளவு நன்றாகக் காப்பாற்றும் நாட்டில் ஜனங்கள் அதிகமாக மடிவது எங்ஙனம்?

விடை ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி கேரள மக்களில் அறுபது வயது கடந்தோர் 12.6 சதவீதம், பீகாரில் 7.4 சதவீதம். முதியோர் மிகுந்த இடத்தில் மரணங்களும் மிகும். கேரளத்தின் 7.0 என்ற எண், அம்மாநிலத்தார் எத்துணை ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதையும் எத்துணை மூப்படைந்திருக்கிறார்கள் என்பதையும் ஒன்றாகக் கலந்து சொல்லுகிறது. கலந்ததைப் பிரிக்கும் வழியை அது தானாகச் சொல்லுவதில்லை.

மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் தேர்வுகளில் நிகழ்வு வீதம், பரவல் வீதம், மரண விகிதம், வயதுத் தரப்படுத்தல் ஆகியவை ஒவ்வோராண்டும் கணக்குகளாகக் கேட்கப்படுகின்றன. சூத்திரத்தை நினைவுகூர்ந்து எண்களை இட்டு வகுத்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும் என்பது மாணவர்களிடையே நிலவும் அபிப்பிராயம். தரப்படுத்தல் வயது வேற்றுமையைத் துடைத்துவிட்டு உண்மையான விகிதத்தை வெளிப்படுத்துகிறது என்பது பாடப்புத்தகங்களைப் படிப்போர் பெறும் பொதுவான எண்ணம். இவ்விரண்டையும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இக்கணக்குகளில் தவறு நேர்வது பெரும்பாலும் கோட்டுக்கு மேலே நிற்கும் எண்ணில் அன்று, கீழே நிற்கும் எண்ணில்தான் என்பதும், தரப்படுத்தப்பட்ட விகிதம் நாட்டில் உள்ளதை அளந்து பெற்றதன்று, ஒரு கற்பனை வினாவுக்கு நாம் பெறும் விடையே என்பதும் என் துணிபு.

2. நிகழ்வும் பரவலும்

தேர்வுத் தாளில் வரக்கூடிய எளிய கணக்கொன்றைக் கற்பித்துக்கொள்வோம். 5,000 பேர் வாழும் கிராமமொன்றில், ஜனவரி முதல் தேதியன்று 200 பேர் ஒரு நாட்பட்ட நோயால் பீடிக்கப்பட்டிருக்கின்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் புதிதாக 96 பேருக்கு அந்நோய் காண்கிறது. நிகழ்வு வீதம் யாது? 96ஐ 5,000ஆல் வகுத்து ஆயிரத்துக்கு 19.2 என்று எழுதுவோர் பலர். ஆனால் ஏற்கெனவே நோயுற்றிருக்கும் 200 பேருக்கு அந்நோய் புதிதாக வருவதற்கில்லை. நோய்வாய்ப்படக் கூடியவர்கள் எஞ்சிய 4,800 பேர் மட்டுமே. ஆகவே சரியான விடை ஆயிரத்துக்கு 20. வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஜனங்களில் பாதிப்பேரைப் பற்றிக்கொண்ட ஒரு நோயில் இதே தவறு நிகழ்வு வீதத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பரவல் வீதத்தின் கீழெண்ணோ கிராமத்தார் அனைவரும் ஆவர். ஜனவரி முதல் தேதியன்று ஆயிரத்துக்கு 40 என்பது ஒரு கணத்தின் பரவல். ஆண்டில் எப்பொழுதேனும் நோயாளியாக இருந்தோர் 296 பேரையும் சேர்த்தால், ஆயிரத்துக்கு 59.2 என்பது அக்காலப் பகுதியின் பரவல். முன்னதில் காலமே கிடையாது. அது ஒரு புகைப்படம். வீதம் என்று வழக்கத்தில் அழைக்கப்பட்டாலும் அது உண்மையில் ஒரு பங்கே.

நோயின் போக்கு நெடுங்காலமாக மாறாமல் ஸ்திரமாக இருக்கும்பொழுது, பரவல் என்பது நிகழ்வை நோயின் சராசரிக் கால அளவால் பெருக்கியதற்கு ஏறக்குறையச் சமம். இந்தச் சிறு சமன்பாட்டை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அது ஒரு தேசத்தின் சுகாதார வரலாற்றையே எவ்வாறு தொட்டிருக்கிறது என்பதைக் குஷ்டரோகத்தின் கதையில் காணலாம்.

1983ஆம் ஆண்டில் இந்தியாவில் பதினாயிரம் பேருக்கு 57.8 பேர் குஷ்டரோகிகளாகப் பதிவாகியிருந்தனர். 1991இல் உலக சுகாதார நிறுவனம், பரவல் வீதம் பதினாயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழே இறங்குவதையே ஒழிப்பின் இலக்கணமாக வகுத்தது. இந்தியா 2005 டிசம்பரில் தேசிய அளவில் அந்த இலக்கை எய்தியது. பல மருந்துகளைக் கூட்டித் தரும் சிகிச்சை லட்சக்கணக்கானோரைக் குணப்படுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பரவல் என்று இங்கே எண்ணப்பட்டது, சிகிச்சைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் தொகை. சிகிச்சை முடிந்ததும் பெயர் நீக்கப்படும். ஆகவே நோயின் கால அளவு என்பது நடைமுறையில் சிகிச்சையின் கால அளவாகவே ஆகிவிட்டது. கிருமி மிகுந்த வகைக்கு இருபத்துநான்கு மாதமாக இருந்த சிகிச்சை, 1998இல் பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. கிருமி குறைந்த வகைக்கு அது ஆறு மாதமே.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓரிடத்தில் ஆண்டுதோறும் பதினாயிரத்துக்கு 1.2 பேர் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்றும், அவர்களில் இரு வகையினரும் சரிபாதி என்றும் வைத்துக்கொள்வோம். பழைய முறையில் சராசரிச் சிகிச்சைக் காலம் ஒன்றேகால் ஆண்டு; பரவல் 1.5. புதிய முறையில் சராசரிக் காலம் முக்கால் ஆண்டு, பரவல் 0.9. புதிதாக நோயுறுவோரில் ஒருவர்கூடக் குறையாமலே, அவ்விடம் ஒழிப்பு இலக்கைக் கடந்துவிட்டது! இலக்கை எய்திய பின்னரும் இந்தியாவில் ஆண்டுதோறும் சற்றேறக் குறைய ஒன்றேகால் லட்சம் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டு வந்தமை இச்சமன்பாட்டை அறிந்தவர்களுக்கு வியப்பளித்திருக்காது. சிகிச்சைக் காலத்தைக் குறைத்தவர்கள் எண்ணைக் குறைக்கவே அவ்வாறு செய்தனர் என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்கு அது பெரும் நன்மை. ஆனால் நோய் பரவும் வேகத்தை அறிய விரும்பியவர்கள் பரவலை இலக்காக வைத்துக்கொண்டது தவறான அளவுகோலைத் தேர்ந்த செயலே என்று கருதுகிறேன். எச்.ஐ.வி. விஷயத்தில் இதன் மறுதலையைக் காண்கிறோம்: மருந்து உயிரை நீட்டிப்பதனால், புதிய தொற்றுக்கள் குறையும்பொழுதும் நோயோடு வாழ்வோர் தொகை உயரக்கூடும், அங்கே பரவல் உயர்வது வெற்றியின் அடையாளமாகவும் இருக்கலாம்.

3. மரணத்தைக் கொண்டு ஊரை மதிப்பிடுதல்

மரண விகிதத்தில் காலமும் ஜனத்தொகையும் இரண்டுமே கீழெண்ணில் அடங்கியிருக்கின்றன. ஓராண்டில் பிறப்பாலும் இறப்பாலும் குடிபெயர்வாலும் ஜனத்தொகை மாறிக்கொண்டே இருப்பதனால், ஜூலை முதல் தேதியின் மதிப்பீட்டை, அவ்வாண்டில் வாழப்பட்ட மனித ஆண்டுகளின் பிரதிநிதியாகக் கொள்ளுவது மரபு. வயது, பால் என்னும் வேற்றுமைகளைக் கருதாது இவ்வாறு பெறப்படும் எண்ணே கச்சா மரண விகிதம்.

கீழெண்ணை அறவே விட்டுவிட்டு மரணங்களை மட்டுமே கொண்டு ஊர்களை ஒப்பிட முயன்ற ஒரு புகழ்பெற்ற முயற்சியும் உண்டு. இங்கிலாந்தின் தொழிலாளர் வர்க்கத்தின் சுகாதார நிலையைப் பற்றி எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட அறிக்கையில், இறந்தோரின் சராசரி வயதை அளவுகோலாகக் கொண்டார்: மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பத்தாரின் சராசரி மரண வயது 17, கிராமப்புறமான ரட்லண்டில் 38 என்பது அவர் காட்டிய எண். படிப்போர் நெஞ்சை உலுக்கிய அந்த எண்ணுக்கு, 1844இல் நெய்சன் என்னும் காப்பீட்டுக் கணிதர் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு தடை எழுப்பினார். இறந்தோரின் சராசரி வயது, உயிரோடிருப்போரின் வயதைப் பொறுத்தது. குழந்தைகள் நிறைந்த ஊரில் மரணத்தின் கடுமை மிகாமலே இறந்தோரின் சராசரி வயது தாழ்ந்துவிடும் என்பது அவருடைய வாதம். ஓரிடத்தின் மக்களுக்கு மற்றோரிடத்தின் வயதமைப்பு இருந்தால் கணக்கு எவ்வாறு மாறும் என்று அவர் கணித்துக் காட்டினார். சாட்விக்கின் நோக்கம் நேர்மையானது, மான்செஸ்டரின் சாக்கடைகளும் உண்மையானவை. அளவுகோல் மட்டுமே பிழையானது. ஊர்களின் வயதமைப்பைச் சமமாக்கி ஒப்பிடும் இன்றைய முறையின் வித்தை அந்தத் தடையிலேயே காண்கிறோம்.

4. நேரடித் தரப்படுத்தல்

கேரளம், பீகார் ஆகியவற்றின் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டு, கணக்குக்காகக் கற்பித்த இரு மாவட்டங்களைக் காண்போம். ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பேர். ‘அ’ மூத்த மாவட்டம். ‘ஆ’ இளைய மாவட்டம்.

| வயது | ‘அ’ மக்கள் | ‘அ’ மரணம் (ஆயிரத்துக்கு) | ‘ஆ’ மக்கள் | ‘ஆ’ மரணம் (ஆயிரத்துக்கு) |
|---|---|---|---|---|
| 0–14 | 20,000 | 1 | 38,000 | 4 |
| 15–59 | 63,000 | 2 | 55,000 | 3 |
| 60க்கு மேல் | 17,000 | 35 | 7,000 | 45 |

‘அ’ மாவட்டத்தில் இறந்தோர் முறையே 20, 126, 595, மொத்தம் 741. கச்சா மரண விகிதம் ஆயிரத்துக்கு 7.41. ‘ஆ’ மாவட்டத்தில் 152, 165, 315. மொத்தம் 632, விகிதம் 6.32. எந்த வயதினரை எடுத்தாலும் ‘ஆ’ மாவட்டத்தாரே அதிகமாக இறக்கிறார்கள். இருந்தும் மொத்தத்தில் அவர்களுடைய விகிதமே குறைவு.

இனி இரு மாவட்ட மக்களையும் கூட்டி, 58,000, 1,18,000, 24,000 என்னும் வயதமைப்புடைய இரண்டு லட்சம் பேரை ஒரு பொதுத் தரமாக அமைத்துக்கொண்டு, இவர்கள் அனைவரும் ‘அ’ மாவட்டத்தின் கதியில் இறந்தால் எத்தனை மரணம் நேரும் என்று கேட்கிறோம். 58, 236, 840, ஆக 1,134. ஆயிரத்துக்கு 5.67. ‘ஆ’ மாவட்டத்தின் கதியில் இறந்தால் 232, 354, 1,080, ஆக 1,666. ஆயிரத்துக்கு 8.33. ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. பெரும்பாலான தேர்வுக் கணக்குகள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. மாணவரும் இரட்டைக் கோடிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்.

இங்கே நேரும் பிழைகளில் அடிக்கடி காணப்படுவது ஒன்று. மூன்று வயதுப் பிரிவுகளின் விகிதங்களை வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்துவிடுவார்கள். ‘அ’ மாவட்டத்துக்கு அவ்வாறு செய்தால் 12.67 கிடைக்கும், அது, உலகில் மூன்றில் ஒரு பங்கினர் முதியோர் என்று அறியாமலே கொண்ட ஒரு தரத்தின் விடை. விடையைச் சோதிப்பதற்கு எளிய வழியும் உண்டு: ஒரு மாவட்டத்தின் விகிதங்களை அதன் சொந்த வயதமைப்புக்கே இட்டுப் பார்த்தால் அதன் கச்சா விகிதம் திரும்பி வரவேண்டும், வராவிட்டால் எங்கோ எண் மாறியிருக்கிறது.

5. தரம் யாருடையது?

5.67 என்பதோ 8.33 என்பதோ எந்த மாவட்டத்திலும் உண்மையில் நிகழ்ந்த மரண விகிதம் அன்று. இல்லாத ஒரு ஜனக்கூட்டத்தில் நிகழ்ந்திருக்கக்கூடியது அது. அந்தக் கூட்டத்தை மாற்றினால் எண்ணும் மாறும். ‘ஆ’ மாவட்டத்தின் இளைய வயதமைப்பைத் தரமாகக் கொண்டால் விகிதங்கள் 3.93, 6.32; ‘ஆ’வின் மரணம் ‘அ’வைப்போல் 1.61 மடங்கு. ‘அ’ மாவட்டத்தின் மூத்த வயதமைப்பைத் தரமாகக் கொண்டால் 7.41, 10.34, மடங்கு 1.40. மரணங்கள் அவையே, மக்கள் அவர்களே. வேற்றுமையின் பரிமாணம் மட்டும் மாறுகிறது. இளைய தரம் குழந்தைப் பருவத்து நான்கு மடங்கு வித்தியாசத்துக்கு அதிக எடை கொடுக்கிறது. மூத்த தரம், இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று நெருங்கிவரும் முதுமைக்கு எடை கொடுக்கிறது.

இது வெறும் வகுப்பறைச் சாதுரியம் அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் நெடுங்காலம் தம் 1940ஆம் ஆண்டு ஜனத்தொகையைத் தரமாகக் கொண்டிருந்து, 1999ஆம் ஆண்டின் மரணக் கணக்கிலிருந்து 2000ஆம் ஆண்டு ஜனத்தொகைக்கு மாறின. புதிய தரம் மூத்தது. ஆகவே தரப்படுத்தப்பட்ட மரண விகிதம் பெரிதும் உயர்ந்தது, கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் இடையிலான மரண வேற்றுமையின் மடங்கும் சுருங்கியது. எவருடைய உடல் நிலையும் அதனால் மாறவில்லை. அவ்வாறே, பல நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகள் ஜப்பானிய அறிஞர் ஸேகி 1960இல் அமைத்த இளைய உலகத் தரத்தையே இன்றும் வழங்கி வருகின்றன. உலக சுகாதார நிறுவனமோ 2000 முதல் 2025 வரையிலான சராசரி உலக ஜனத்தொகையை ஒட்டி வேறொரு தரத்தை வகுத்தது. ஒரு தரத்தில் கணித்த எண்ணையும் மற்றொரு தரத்தில் கணித்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, தரப்படுத்தாத எண்களை ஒப்பிடுவதைவிட மேலானதன்று. வயது நீக்கப்பட்டது என்ற தோற்றம் தருவதால் சற்று அபாயமானதென்றுகூடச் சொல்லலாம்.

மேற்கண்ட உதாரணத்தில் ‘அ’ எப்பொழுதும் மேலான நிலையிலேயே நின்றது. எந்தத் தரமும் அதை மாற்ற முடியாது, ஏனெனில் எல்லா வயதிலும் அதன் விகிதமே குறைவு. வயது வாரியான விகிதங்கள் ஒன்றையொன்று வெட்டும்பொழுதுதான் இக்கட்டு. ‘ஆ’ மாவட்டத்தில் முதியோர் மரணம் ஆயிரத்துக்கு 45 என்பதற்குப் பதில் 30 என்று வைத்துக்கொள்வோம். முன் கூறிய பொதுத் தரத்தில் ‘அ’ 5.67, ‘ஆ’ 6.53, ‘அ’வே மேல். நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகளும் முப்பது முதியோரும் கொண்ட மிக மூத்த தரத்தில் ‘அ’ 11.75, ‘ஆ’ 11.25, இப்பொழுது ‘ஆ’ மேல். எது உண்மை என்று கேட்பதில் பொருளில்லை. குழந்தைகளை ‘அ’ நன்கு காக்கிறது, முதியோர் ‘ஆ’வில் நெடுநாள் வாழ்கின்றனர் என்பதே சொல்லத்தக்க செய்தி, அதை ஒற்றை எண்ணாகச் சுருக்குவது அதை மறைப்பதாகும். மேலும், முதியோரின் மரணம் திடீரென்று குறைவாகக் காணும் இடங்களில், மரணம் குறைந்ததா, மரணத்தைப் பதிவு செய்வது குறைந்ததா என்று முதலில் விசாரிப்பது நல்லது. கிராமத்து வீட்டில் முதுமையால் நேரும் மரணம் பதிவேட்டை எட்டாமல் போவதும், அறுபதைத் தாண்டியவர்களின் வயது பத்தின் மடங்குகளாகவே சொல்லப்படுவதும் நம் நாட்டில் புதியவை அல்ல.

தரப்படுத்தலைக் கைவிட்டு வயது வாரியான விகிதங்களையே எப்பொழுதும் தருக என்பாரும் உளர். அவர்களோடு முழுவதும் உடன்பட என்னால் இயலவில்லை. முப்பது மாநிலங்களை இருபது வயதுப் பிரிவுகளில் ஒப்பிடுவது ஒருவர் மனத்தில் நிற்காது. ஆயினும், ஒற்றை எண்ணை எழுதுவதற்கு முன் விகிதங்கள் வெட்டிக்கொள்கின்றனவா என்று பார்த்துவிடுக என்ற அளவில் அவர்கள் கட்சி நியாயமானது.

6. மறைமுக முறையும் அதன் எல்லையும்

சிறிய ஊர்களிலும் தொழிற்சாலைகளிலும், இறந்தோரின் வயது வாரியான கணக்கு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒவ்வொரு பிரிவிலும் ஓரிருவரே இருப்பதனால் விகிதங்கள் ஊசலாடும். அப்பொழுது கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம்: இவ்வூரார் வெளியுலகத்தின் கதியில் இறந்திருந்தால் எத்தனை மரணம் எதிர்பார்க்கலாம்? 10,000 பேர் கொண்ட ஒரு பேரூரில் மேற்கண்ட மூன்று பிரிவினர் முறையே 2,000, 6,000, 2,000 என்றும், ‘அ’ மாவட்டத்தின் விகிதங்களே தரம் என்றும் கொண்டால், எதிர்பார்க்கத்தக்கவை 2, 12, 70. மொத்தம் 84 மரணங்கள். உண்மையில் நேர்ந்தவை 105. 105ஐ 84ஆல் வகுத்து நூறால் பெருக்க, தரப்படுத்தப்பட்ட மரண ஈவு 125.

எதிர்பார்த்ததைவிடக் கால் பங்கு அதிகம் என்று உடனே அபாயமணி அடித்துவிடுவதற்கில்லை. 105 மரணங்களில் தற்செயலால் நேரும் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்தை ஒட்டியது, சுமார் 10. அதைச் சற்றேறக் குறைய இருமடங்காக்கி இருபுறமும் விட்டால், ஈவு ஏறக்குறைய 101 முதல் 149 வரை எங்கும் இருக்கலாம். நூறு என்னும் எல்லையை அது மயிரிழையில்தான் தாண்டுகிறது. பத்து மரணங்களைக் கொண்ட குக்கிராமத்தில் இதே 125 எதையும் நிறுவாது.

தேர்வுத் தாள்களில் அடுத்தபடியாகக் கேட்கப்படுவது, இரு தொழிற்சாலைகளின் ஈவுகளைத் தந்து எது அபாயம் மிக்கது என்னும் வினா. நேரடி முறையில் இரு மாவட்டங்களும் ஒரே தரத்தில் அளக்கப்பட்டன. மறைமுக முறையிலோ ஒவ்வொன்றும் தன் சொந்த வயதமைப்பால் எடையிடப்படுகிறது. பொதுமக்களில் இளைஞர் மரணம் ஆயிரத்துக்கு 2, மூத்தோர் மரணம் 20 என்று கொள்வோம். இரு தொழிற்சாலைகளிலும் இளைஞர் மரணம் 4, மூத்தோர் மரணம் 20. அபாயம் இரண்டிலும் ஒன்றே. முதல் தொழிற்சாலையில் 9,000 இளைஞரும் 1,000 மூத்தோரும். எதிர்பார்த்தவை 38, நேர்ந்தவை 56, ஈவு 147. இரண்டாவதில் 1,000 இளைஞரும் 9,000 மூத்தோரும். எதிர்பார்த்தவை 182, நேர்ந்தவை 184, ஈவு 101. ஒவ்வொரு வயதிலும் ஒரே அளவான மரணம் உடைய இரு தொழிற்சாலைகளில், இரண்டாவதன் நிர்வாகிக்குப் பாராட்டும் முதலாவதன் நிர்வாகிக்கு விசாரணையும் கிடைக்கும். இரண்டாவதன் இளைஞர்களும் பொதுமக்களைப்போல் இருமடங்கு வேகத்தில் மாண்டுகொண்டிருப்பது ஒருவர் கண்ணிலும் படாது.